புறப்பட்ட தேதி: பர்மாவிலிருந்து என் ஆயா நடந்து வந்த கதையும் அதைப் படிக்கும் முறையும்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது 1942-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்து வந்தவர்களின் கதை. ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். பெரும்பகுதியினர் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்களை யாரும் முறையாக எண்ணவில்லை. பத்தாயிரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஐம்பதாயிரத்துக்கு மேல் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

என் அம்மாவைப் பெற்ற ஆயா அந்த வழியில் நடந்து வந்தவர். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நான் சமூகவியல் முதுகலை படித்த காலத்தில் அவர் சொன்னதைப் பல நாட்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்புகளை வைத்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பர்மா நடைப்பயணத்தில் ஒருவர் பிழைத்தாரா இறந்தாரா என்பதைப் பெருமளவு தீர்மானித்தது அவர் புறப்பட்ட தேதி. அந்தத் தேதியைத் தீர்மானித்தது அவர் செய்த வேலை. அந்த வேலையைத் தீர்மானித்தது எது என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

ரங்கூனில் யார் என்ன வேலை செய்தார்கள்

1931-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் நகரத்தின் மக்கள்தொகை 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைகளில் நின்றவர்கள், ரிக்சா இழுத்தவர்கள், தெருக் கூட்டியவர்கள், மலம் அள்ளியவர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்தியர்கள். தென்னிந்தியக் கூலிகளில் தெலுங்கர்கள் அதிகம், அடுத்துத் தமிழர்கள்.

இவர்களைக் கொண்டுபோனவர் மேஸ்திரி. ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். பர்மாவில் கூலியும் அவர் கை வழியாகவே வரும். கடன் தீர்ந்த பிறகு மிஞ்சியதுதான் கூலி. பண்ணையாள் முறையிலிருந்து தப்பிப் போனவர்கள் மேஸ்திரியின் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அப்படியிருந்தும் போனார்கள். ஊரில் கூலியை நெல்லாக வாங்கியவன் அங்கே காசாக வாங்கினான். தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பதையும் ஆயா சொல்வார்.

ஆயாவின் குடும்பம் தென்னார்க்காட்டுச் சேரி ஒன்றிலிருந்து போனது. அவருடைய அப்பாவை அவர் "நைனா" என்பார். நைனா ரங்கூன் முனிசிபாலிட்டியில் குப்பை வண்டி வேலை பார்த்தார். ஊரில் செத்த மாடு தூக்கியவருக்குக் கடல் தாண்டியும் கிடைத்த வேலை அதுதான். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

குண்டு விழுந்த பிறகு யார் போனார்கள்

1941 டிசம்பர் 23 அன்று பகலில் ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் முதன்முதலாகக் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் போட்டன. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற கூட்டத்தின் நடுவில்தான் குண்டுகள் விழுந்தன. அன்றே நகரத்தைவிட்டுப் பெருங்கூட்டம் வெளியேறத் தொடங்கியது.

அப்போது வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கப்பல். ரங்கூனிலிருந்து கடல்வழியாகச் சுமார் 70,000 பேர் தப்பினார்கள். கேபின் டிக்கெட் வாங்க முடிந்தவர்கள் முதலில் போனார்கள். கூலிக்காரர்கள் போகும் டெக் பயணத்தில் வேலை செய்யும் வயதுள்ள ஆண்களை ஏற்றுவதற்கு அரசு தடை வைத்தது.

இரண்டாவது வழி, ரங்கூனுக்கு வடமேற்கே பிரோம் நகரம் வரை போய், ஐராவதி ஆற்றைக் கடந்து, அரக்கான் மலையில் நூறு மைலுக்கு மேல் நடந்து டாங்குப் என்ற கடற்கரை ஊரை அடைவது. அங்கிருந்து படகிலும் சிறு கப்பலிலும் அக்யாப், பிறகு சிட்டகாங். தண்ணீர் கிடைக்காத வழி, காலராவும் இருந்தது. ஆனாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை இல்லாத மாதங்களில் போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அந்த வழியையும் தொடக்கத்தில் அரசு தடுத்தது. வெளியேறிய கூலிகளைத் திருப்பி அனுப்பவும் முயன்றது.

காரணம் எளியது. துறைமுகத்தில் இறங்கும் போர்ச் சரக்கைத் தூக்க ஆள் வேண்டும். பிணம் எடுக்கவும் குப்பை அள்ளவும் மலம் அகற்றவும் ஆள் வேண்டும். இவர்கள் போய்விட்டால் நகரம் ஒரு வாரம் தாங்காது என்று நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆயா சொன்னது இது:

"கப்பல்ல போயிடலாம்னு அம்மா அழுவுது. நைனாவ உடமாட்டன்னுட்டாங்க. நீ போயிட்டா ரோட்ட யாரு கூட்டறதுன்னு மேல்கங்காணி கேட்டானாம். அரிசி குடுக்கறம், கூலி ஏத்தித் தரம்னு சொன்னாங்க. நைனாவ உட்டுட்டு நாங்க மட்டும் எங்க போறது?"

நகரத்தின் உயிருக்கு அவசியமான வேலை என்று அவர்களைப் பிடித்துவைத்தார்கள். அவர்களுடைய உயிருக்கு அந்த மாதங்கள்தான் அவசியமாக இருந்தன.

தேதி சொல்லாத நினைவைத் தேதி ஆக்குவது

ஆயாவுக்குத் தேதி தெரியாது. "மூணு மாசம் நடந்தோம்" என்பார். ஊர்ப் பெயர்களும் அவர் வாயில் வேறாக இருந்தன. வாய்மொழி வரலாறு சேகரிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். பாட்டி சொன்னது உணர்ச்சி, ஆவணத்தில் இருப்பது வரலாறு என்று பிரித்துவிடுகிறார்கள். ஆனால் தேதி தெரியாதவர்களும் தேதியோடு கட்டிய அடையாளங்களை வைத்திருப்பார்கள். ஆயாவின் பேச்சில் அப்படி நான்கு அடையாளங்கள் இருந்தன.

முதலாவது, அவர்கள் ரங்கூனைவிட்டு ரயில் ஏறிய சமயம். "செயில தொறந்து உட்டுட்டாங்க, பைத்தியக்கார ஆசுபத்திரியயும் தொறந்து உட்டுட்டாங்க. ரோடெல்லாம் அவங்கதான்." இது நடந்தது 1942 பிப்ரவரி மூன்றாம் வாரம். நகரத்தைக் காலி செய்யும்படி பிப்ரவரி 20 அன்று உத்தரவு வந்ததை ஒட்டி நடந்தது. அப்படியானால் முதல் குண்டு விழுந்து இரண்டு மாதம் நைனா ரங்கூனில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது.

இரண்டாவது, மாந்தலே எரிந்த நாள். வடக்கே மாந்தலேயில் அகதி முகாம். அங்கே ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். "பக்கத்துல வேதக்காரங்க இருந்தாங்க. அவங்க அன்னிக்குப் பெரிய வெள்ளின்னு கஞ்சி குடிக்கல. அப்பதான் குண்டு போட்டான். ஊரே எரிஞ்சிது." மாந்தலே குண்டுவீச்சில் எரிந்தது 1942 ஏப்ரல் 3, புனித வெள்ளி. பக்கத்துக் குடும்பத்தின் நோன்பு நமக்கு ஒரு நாளைத் துல்லியமாகத் தருகிறது.

மூன்றாவது ஒரு பெயர். "படகுல போயி காளவாயில எறங்கனோம்" என்பார். கேட்பவர்கள் செங்கல் சூளை என்றுதான் எண்ணுவார்கள். அது சிந்துவின் ஆற்றங்கரையில் உள்ள கலேவா. இதே போல, ரயில் ஏறிய இடத்தை அவர் "மணிப்பூர் ரோடு" என்றார். அந்தப் பெயரில் இருந்த ரயில் நிலையம் மணிப்பூரில் இல்லை. அது திமாப்பூரில் இருந்தது. இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து வைத்தால் அவர்கள் வந்த வழி ஐயமில்லாமல் தெரிந்துவிடுகிறது. மாந்தலேயிலிருந்து மோனிவா, அங்கிருந்து சிந்துவின் ஆற்றில் கலேவா, கபாவ் பள்ளத்தாக்கு வழியாக எல்லையில் உள்ள டாமு, மலை ஏறி பலேல், இம்பால், கடைசியில் திமாப்பூர்.

நான்காவது, இம்பாலில் விழுந்த குண்டு. "தப்பிச்சி வந்துட்டம்னு நெனச்சம், அன்னிக்கே அங்கயும் போட்டான்" என்றார். இம்பால் மீது முதல் குண்டுவீச்சு 1942 மே 10.

பிப்ரவரி மூன்றாம் வாரம் முதல் மே 10 வரை எண்பது நாட்களை ஒட்டி வருகிறது. ஆயா சொன்ன "மூணு மாசம்" சரியாகவே இருக்கிறது. "நடந்தோம்" என்பதில்தான் திருத்தம் வேண்டும். அந்த எண்பது நாளில் பாதிக்கு மேல் முகாமில் காத்திருந்த நாட்கள். நடந்த நாட்கள் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். ஆயா நினைவில் காத்திருப்பும் நடையாகிவிட்டது. இது பிழை என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், அவர்களைக் கொன்றது நடை என்று முடிவு கட்டிவிடுவோம்.

காத்திருப்பு கொன்ற விதம்

பிப்ரவரி கடைசியில் கிளம்பியவர்களில் பலர் பிரோம் வழியையும் எடுக்கவில்லை. ரயில் போன திசையில் வடக்கே போனார்கள். ஏப்ரல் 2 அன்று பிரோம் விழுந்த பிறகு அந்த வழி முற்றாக அடைந்துவிட்டது. மிஞ்சியது டாமு வழி. அந்த வழியில் இருந்த முகாம்களில் அரிசியும் தண்ணீரும் குறைவு என்பதால், நாளுக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்து மாந்தலேயிலிருந்து விட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். ஆற்றுத் தண்ணீர், திறந்தவெளி, ஈ. காலரா வந்தது. ஆயாவின் தம்பி அங்கேதான் இறந்தான். "காலைல பேதி, விளக்கு வைக்க முன்ன போயிட்டான்" என்றார். காலரா அப்படித்தான் கொல்லும். சில மணி நேரத்தில் உடம்பின் நீரை எல்லாம் எடுத்துவிடும். உப்பும் நீரும் ஏற்ற ஆள் இருந்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள்.

கலேவாவிலிருந்து டாமு ஏறத்தாழ 80 மைல். கபாவ் பள்ளத்தாக்கு மலேரியாவுக்குப் பேர்போன இடம். அங்கே கடித்த கொசுவின் விளைவு உடனே தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். எனவே பள்ளத்தாக்கை வேகமாகக் கடந்து மலை ஏறிவிட்டவர்களுக்குக் காய்ச்சல் இம்பாலிலோ ரயிலிலோ வந்தது. அங்கே கொயினாவாவது கிடைக்க வழி இருந்தது. டாமுவில் நிறுத்தப்பட்டவர்களுக்கு மலை ஏறும் முன்பே காய்ச்சல் வந்துவிட்டது.

ஆயாவின் குடும்பம் டாமுவில் பதினொரு நாள் நிறுத்தப்பட்டது. ஏன்?

"என்னா வேலன்னு கேட்டாங்க. முனிசிபாலிட்டின்னு நைனா சொல்லிச்சி. சொல்லாம இருந்திருக்கலாம். அப்படியா, வா, இங்க பொணம் கெடக்குது, கக்கூசு குழி வெட்டணும்னு புடிச்சிக்கிட்டாங்க. வேல செஞ்சா மூணு வேளையும் அரிசி. செய்யலன்னா வரிசையில நில்லு, எப்ப கெடைக்குமோ. நைனா குழி வெட்டிச்சி. எங்ககூட வந்த கடக்காரர் குடும்பம் மறுநாளே மல ஏறிடுச்சி."

முகாமுக்குத் துப்புரவு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. பிணங்களைப் புதைக்காவிட்டால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் சாவார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்ய யார் நிறுத்தப்பட்டார்கள், யார் மறுநாளே அனுப்பப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி. ரங்கூனில் நைனாவைப் பிடித்துவைத்த அதே வேலை, அரசு கலைந்து ஓடிக்கொண்டிருந்த காட்டிலும் அவரைத் தேடி வந்து பிடித்தது.

டாமுவிலிருந்து மேலே போக வழி பிரிந்தது. ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் போன வழியில் தங்குமிடமும் சுமை தூக்க ஆளும் நல்ல ஏற்பாடும் இருந்தன. இந்தியர்களை வேறு வழியில், வசதி குறைந்த முகாம்கள் வழியாக அனுப்பினார்கள். வெள்ளை வழி, கறுப்பு வழி என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். வைசிராய் நிர்வாகக் குழுவில் கடல் கடந்த இந்தியர்களுக்குப் பொறுப்பாக இருந்த எம். எஸ். ஆனேயும், ஹிருதயநாத் குன்ஸ்ருவும் அந்த ஆண்டே எல்லைக்குப் போய்ப் பார்த்து இந்தப் பாகுபாட்டை வெளியில் கொண்டுவந்தார்கள். காந்தியும் இதைக் கண்டித்து எழுதினார். நிறவெறி பற்றிய அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் கறுப்பு வழிக்குள்ளேயே யாரிடம் தப்பிக்கப் பணம் இருந்தது, யாரிடம் மண்வெட்டி கொடுக்கப்பட்டது என்ற வேறுபாடு அந்தக் கண்டனத்தில் வரவில்லை. அதைச் சொல்ல ஆயா போன்றவர்கள்தான் வேண்டும்.

ஆயாவின் அம்மாவுக்கு டாமுவில் ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் போகலாம் என்று சீட்டு கொடுத்தார்கள். டாமுவிலிருந்து பலேல் சுமார் 40 மைல், முழுக்க மலை. கோடை மழை பிடித்துவிட்டது. வழுக்கும் சிவப்பு மண், காலில் அட்டை. நைனா முதல் நாள் மனைவியை முதுகில் தூக்கினார். "மூணாம் நாள் ஒரு மரத்தடியில உக்கார வெச்சம். அது எழுந்திருக்கல. நைனாதான் ஊருக்கெல்லாம் குழி வெட்டிச்சி. அம்மாவுக்கு வெட்ட மம்மட்டி இல்ல. எலையும் கல்லும் போட்டு மூடனோம்."

கோபம் யார் மேல் விழுந்தது

பர்மியர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வழியில் அகதிகள் தாக்கப்பட்டார்கள், கொள்ளையடிக்கப்பட்டார்கள். ஆயாவும் கத்தியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பின்னால் நிலத்தின் கதை இருந்தது. 1930-களின் விலை வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் கைமாறியது. பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார் வட்டிக்கடைகள் வசம் இருந்தது. அந்தக் கோபம் 1938 கலவரத்திலும் 1942-இலும் கையில் கிடைத்த இந்தியன் மேல் விழுந்தது. கையில் கிடைத்தவன் பெரும்பாலும் நிலமே இல்லாத கூலி. "அவங்க ஊர நாம எடுத்துக்கிட்டம்னு நெனச்சாங்க. நம்மகிட்ட என்னா இருந்துச்சி?" என்று ஆயா கேட்பார். தம்பி செத்த அன்று ஒரு பர்மியப் பெண் சோறும் புளித்த மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனதையும் அவர்தான் சொன்னார்.

இனி கேட்க வேண்டியது

பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். நடந்தவர்கள் இன்று பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னதைக் கேட்ட மகன்களும் மகள்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எப்போது கிளம்பினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் வராது. என்ன வேலை செய்தார்கள், யார் நிறுத்தினார்கள், எந்த இடத்தில் எத்தனை நாள் காத்திருந்தார்கள், அங்கே என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். எந்தத் திருவிழாவுக்குப் பக்கத்தில், மழைக்கு முன்பா பின்பா, எந்தக் குண்டுக்குப் பிறகு என்று கேளுங்கள். ஊர்ப் பெயரை அவர்கள் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நீங்களாகத் திருத்தாதீர்கள். வரைபடத்தை அதன் பிறகு விரியுங்கள். பத்து இருபது குடும்பங்களின் தேதிகளை வேலையோடு சேர்த்து அடுக்கினால், நான் ஒரு குடும்பத்தை வைத்துச் சொன்னது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று தெரியும். பொருந்தாத இடங்களும் வரும். அவற்றையும் எழுதுங்கள்.

ஆயா தன் அம்மாவுக்கு ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று படையல் போடுவார். இறந்த நாள் தெரியாது, தண்ணிக்கு ஏங்கிச் செத்தது, ஆத்துல தண்ணி வர்ற நாள்ல போடறேன் என்பார். மாந்தலே எரிந்த ஏப்ரல் 3, டாமுவின் பதினொரு நாள், மலையில் மூன்றாம் நாள், இம்பாலின் மே 10 ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டபோது, அவர் இறந்தது 1942 மே மாதம் 6-க்கும் 9-க்கும் இடையில் என்று தெரிந்தது. கணக்கைச் சொன்னபோது ஆயா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப சித்திர மாசக் கடைசி" என்றார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை இரண்டு முறை படைத்தார், சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று.